தற்காலிகம்தானே என்றார்கள்: டீச்சருக்கு எழுதிய ஒரு கடிதம்

"தற்காலிகம்தானே, தானாகச் சரியாகிவிடும், இதற்கு எதற்குப் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம்?" மகனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று தெரிந்த பிறகு நான் அதிகம் கேட்ட வார்த்தை இதுதான். சொன்னவர்கள் எல்லாரும் அக்கறையுள்ளவர்கள். அவனுடைய பாட்டி சொன்னார், என் கணவரோடு மில்லில் வேலை செய்பவர்கள் சொன்னார்கள், கோயிலில் பார்த்த பழைய ஆசிரியர் ஒருவர்கூடச் சொன்னார். அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. இவன் காதில் இருக்கும் பிரச்சினை பெரும்பாலான பிள்ளைகளுக்கு மருந்தே இல்லாமல் சில மாதங்களில் சரியாகிவிடும். ஆனால் அந்தச் சில மாதங்கள் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்குப் படிப்பில் ஒரு பெரிய பகுதி. தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழியும் ஒரே நேரத்தில் காது வழியாக உள்ளே போகிற வயது. அந்த "தானே" எனக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. நிரந்தரமாகக் கேட்காத பிள்ளை காதில் கருவி போட்டிருக்கும். ஆசிரியர் பார்த்ததும் புரிந்துகொள்வார். தற்காலிகமாகக் கேட்காத பிள்ளையிடம் வெளியே தெரிகிற மாதிரி எதுவுமே இருக்காது. அதனால் கடிதம் அவனுக்குத்தான் கூடுதலாகத் தேவை என்பது என் கருத்து. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கோல சிலாங்கூர் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன டவுன். தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள்தான் இங்கே அதிகம். பள்ளியும் தோட்டத்தில் இருந்து பிறகு டவுனுக்கு மாறியதுதான். வருட ஆரம்பத்தில் மகனுக்கு விடாத சளி. சளி போன பிறகும் கூப்பிட்டால் திரும்புவது குறைந்தது. டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனான். பள்ளியில் இருந்து "வகுப்பில் கவனம் இல்லை, சொன்னதைச் செய்வதில்லை" என்று தகவல் வந்தது. அவனுடைய சொல்வதெழுதுதல் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். "கடைக்குப் போனான்" என்ற இடத்தில் "கடை போனான்" என்று எழுதியிருந்தான். மலாய் நோட்டில் "மக்கானான்" வர வேண்டிய இடங்களில் "மக்கான்" என்று இருந்தது. சொல்லின் முன்பாதி சரி, கடைசிதான் காணோம். கவனம் இல்லாத பிள்ளையின் பிழை ஒரே இடத்தில் வராது, கண்ட இடத்தில் வரும். இது ஒழுங்காக ஒரே இடத்தில் வந்தது. அரசாங்க கிளினிக்கில் காட்டினோம், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

காதுக்குள் என்ன நடந்தது

செவிப்பறைக்குப் பின்னால் காற்று இருக்க வேண்டிய ஒரு சின்ன அறை இருக்கிறது. அந்த அறைக்குக் காற்று போக மூக்கின் பின்பக்கத்தில் இருந்து ஒரு மெல்லிய குழாய் வருகிறது. பிள்ளைகளுக்கு அந்தக் குழாய் குட்டையாகவும் கிட்டத்தட்ட படுக்கையாகவும் இருப்பதால் சளி பிடித்தால் சுலபமாக அடைத்துக்கொள்ளும். காற்று போகாத அறையில் நீர் சேரும், நாளாக நாளாகப் பசை மாதிரி கெட்டியாகும். செவிப்பறை அதிர முடியாது. வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, சீழ் வடியாது. அதனால்தான் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. ஆஸ்பத்திரியில் காதில் ஒரு சின்ன முனையை வைத்துக் காற்றழுத்தத்தை மாற்றிப் பார்த்தார்கள். நல்ல காதில் மலை மாதிரி ஏறி இறங்க வேண்டிய கோடு, இவனுடைய இரண்டு காதிலும் தட்டையாகப் போனது. பிறகு ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். பிள்ளைகளுக்குப் பொதுவாக 20 டெசிபலுக்குள் கேட்க வேண்டும். இவனுக்கு இடது காதில் 25, வலது காதில் 35.

இந்த 35 என்ற எண்ணைப் பார்த்து "இவ்வளவுதானா" என்று நினைக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் இவனுக்கு எல்லாம் கேட்கும், அதுதான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபல். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கு ஆகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். வகுப்பறையில் சுவர்கள் சத்தத்தைத் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குறையாது. ஆனால் திரும்பி வருகிற சத்தம் அடுத்த சொல்லோடு கலந்து அதைக் குழப்பிவிடும். மேலே விசிறி, பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு, தகரக் கூரையில் மழை. ஆசிரியரின் குரல் இந்த இரைச்சலைவிட சுமார் 15 டெசிபல் மேலே இருந்தால்தான் பிள்ளைகளுக்குத் தெளிவாக விளங்கும் என்று ஆடியோலஜிஸ்ட் சொன்னார். காது நன்றாக இருக்கிற பிள்ளைகளுக்கே அப்படி. சொல்லின் நடுவே வரும் அழுத்தமான ஒலி காதில் விழும், மெலிதாக முடிகிற பகுதி இரைச்சலில் போய்விடும். நோட்டில் காணாமல் போனது அதுதான்.

இன்னொன்றையும் அவர் சொன்னார். கடிதத்துக்கு முக்கியமான விஷயம் அது. இந்தக் குறைபாடு தினமும் ஒரே அளவில் இருக்காது. சளி அடைத்த நாளில் மோசமாகும், அடுத்த வாரம் நன்றாகக் கேட்கும், மறுபடி குறையும். ஆசிரியர் பார்வையில் நினைத்துப் பாருங்கள். நேற்று பின்னால் இருந்து கூப்பிட்டபோது திரும்பிய பையன் இன்று கூப்பிட்டால் திரும்பவில்லை. வேண்டுமென்றே செய்கிறான் என்றுதான் தோன்றும். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

மருந்து என்ன என்று கேட்டோம். இந்த நீருக்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது, சளி மாத்திரையும் பயன்படாது, மூன்று மாதம் காத்திருந்து மறுபடி சோதிப்போம், அப்போதும் இரண்டு காதிலும் குறையாமல் இருந்தால் செவிப்பறையில் ஒரு சின்னக் குழாய் வைப்பது பற்றிப் பேசலாம் என்றார் டாக்டர். பாட்டி பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விடலாம் என்றார். எண்ணெய் செவிப்பறையைத் தாண்டாது, நீர் அதற்குப் பின்னால் இருக்கிறது என்று டாக்டர் படம் வரைந்து காட்டியதும் பாட்டி ஒத்துக்கொண்டார். சரி, மருந்து கிடையாது. காத்திருக்கும் மாதங்களில் நம் கையில் இருப்பது அவன் எங்கே உட்காருகிறான், அவனிடம் எப்படிப் பேசுகிறோம் என்பது மட்டும்தான்.

முன் வரிசையே இல்லாத வகுப்பு

ஆஸ்பத்திரியில் பள்ளிக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். மலாயில் இரண்டு வரி: செவித்திறன் தற்காலிகமாகக் குறைந்துள்ளது, முன் வரிசையில் அமர வைக்கவும். அதை எடுத்துக்கொண்டு பள்ளி முடிந்த பிறகு வகுப்பு டீச்சரைப் பார்க்கப் போனேன். அவர் சீட்டைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வாங்கம்மா, கிளாசையே பாருங்க" என்று கூட்டிக்கொண்டு போனார்.

உள்ளே வரிசையே இல்லை. இருபத்தொன்றாம் நூற்றாண்டுக் கற்றல் என்று வந்த பிறகு மேசைகளை இணைத்துக் குழுக் குழுவாகத்தான் போடுகிறார்கள். ஆறு பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். வெண்பலகைப் பக்கம் சிலருக்கு வலது தோள், சிலருக்கு இடது தோள், சிலருக்கு முதுகு. "முன்னால உட்கார வைங்கன்னு எழுதியிருக்காங்க. முன்னால இருக்கற குழுவுலயும் ரெண்டு பேர் எனக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருக்காங்க. அதுல எந்த நாற்காலின்னு சொல்லுங்க" என்றார் டீச்சர். அந்தக் கேள்விக்குச் சீட்டில் பதில் இல்லை. அவர் கேட்டது சண்டைக்கு இல்லை, செய்ய நினைப்பவர் கேட்கிற கேள்வி அது.

நாங்கள் இருவரும் ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து பார்த்தோம். பலகையைப் பார்த்து நின்றால் வலது பக்கம் திடலைப் பார்த்த ஜன்னல்கள், இடது பக்கம் கதவும் நடைபாதையும். மகனுக்கு இடது காதுதான் கொஞ்சம் பரவாயில்லை. ஆகவே அவன் வலது பக்க ஜன்னல் ஓரக் குழுவில் இருக்க வேண்டும், அப்போது கேட்கிற காது வகுப்பின் பக்கம் இருக்கும், திடல் சத்தம் கேட்காத காதுப் பக்கம் போய்விடும். அதுவரை சுலபம். அந்தக் குழுவுக்குள் எந்த நாற்காலி என்பதில்தான் நேரம் போனது. ஜன்னலுக்கு முதுகு காட்டி வகுப்பைப் பார்த்து உட்கார்ந்தால் பலகை வலது பக்கம் வந்துவிடும், டீச்சர் பேசுவது கேட்காத காதில் விழும். எதிர்ப்பக்கம் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் டீச்சர் இடது காதுப் பக்கம் வருகிறார், ஆனால் மொத்த வகுப்புக்கும் முதுகு. எந்தப் பிள்ளை பதில் சொல்கிறது என்றே தெரியாது. பலகைக்கு மிக அருகில் இருக்கும் நாற்காலி முதுகைக் காட்டுகிற நாற்காலி. மிச்சம் இருந்தது குழுவின் பின்முனை. அங்கே உட்கார்ந்தால் பலகையும் டீச்சர் முகமும் நேர் எதிரே, குழுவில் உள்ள மற்ற ஐந்து பேர் முகமும் தெரியும், வகுப்பு இடது காதுப் பக்கம். பலகையில் இருந்து ஒரு மேசை நீளம் தள்ளித்தான். ஆனாலும் அந்த வகுப்பில் அவனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

டீச்சர் இன்னொன்றைக் கவனித்தார். அந்த நாற்காலி விசிறிக்கு நேர் கீழே இருந்தது. குழுவையே ஒரு முழம் அளவு ஜன்னல் பக்கம் நகர்த்தினோம். பிறகு அவர் பலகையருகில் போய் நின்று, "எங்க நின்னு பேசினா என் முகம் இருட்டா தெரியுது, சொல்லுங்க" என்று கேட்டார். முன் ஜன்னலுக்கு நேராக அவர் நின்றபோது வெளிச்சம் பின்னால் இருந்ததால் உதடு தெரியவில்லை. இரண்டு எட்டு கதவுப் பக்கம் தள்ளி நின்றதும் தெளிவாகத் தெரிந்தது. இவன் தன்னை அறியாமலே உதட்டைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொள்கிறான். அதனால் அந்த இரண்டு எட்டு பெரிய விஷயம். துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு இதில் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது. அன்று இரவே கடிதத்தை எழுதினேன்.

கடிதம்

அப்படியே கீழே தருகிறேன். பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

மதிப்பிற்குரிய மூன்றாம் ஆண்டு வகுப்பாசிரியர் அவர்களுக்கும் இந்த வகுப்புக்கு வரும் எல்லா ஆசிரியர்களுக்கும், வணக்கம்.

என் மகனுக்கு இரண்டு செவிப்பறைக்குப் பின்னாலும் நீர் சேர்ந்திருப்பதால் தற்காலிகமாகக் கேட்கும் திறன் குறைந்துள்ளது. வலது காது அதிகமாகப் பாதிக்கப்பட்டுள்ளது, இடது காது ஓரளவு கேட்கும். மருத்துவமனைச் சீட்டை இணைத்துள்ளேன். இது தொற்றும் நோய் அல்ல. மூன்று மாதம் கழித்து மறு பரிசோதனை இருக்கிறது, முடிவைக் கட்டாயம் எழுதித் தெரிவிப்பேன்.

அருகில் இருந்து முகம் பார்த்துப் பேசினால் அவனுக்குக் கேட்கும். தூரத்தில் இருந்தோ, பின்னால் இருந்தோ, இரைச்சலிலோ பேசினால் சொல்லின் கடைசிப் பகுதி கேட்காது. சில நாள் நன்றாகக் கேட்கும், சளி பிடித்த நாளில் குறைந்துவிடும். நேற்று கேட்டது இன்று கேட்காமல் போனால் அது அவனுடைய பிடிவாதம் அல்ல.

உட்காரும் இடம்: ஜன்னல் ஓர முதல் குழுவின் பின்முனை நாற்காலி, பலகையை நேராகப் பார்த்து, இடது காது வகுப்பின் பக்கம் இருக்கும்படி. வாராவாரம் இடம் மாற்றும்போதும் இந்த மூன்று மாதம் இவனை மட்டும் அதே நாற்காலியில் விட வேண்டுகிறேன். வேறு அறைக்குப் போனாலும் இடது காது ஆசிரியர் பக்கம் இருந்தால் போதும்.

பேசும்போது: முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவன் பார்த்த பிறகு சொல்லுங்கள். பலகையில் எழுதிக்கொண்டே பேசாமல், எழுதி முடித்துத் திரும்பிச் சொல்லுங்கள். சத்தம் போட்டுச் சொல்லத் தேவையில்லை, சாதாரணக் குரல் போதும். "புரிந்ததா?" என்றால் ஆம் என்று தலையாட்டிவிடுவான். "என்ன செய்யச் சொன்னேன்?" என்று கேட்டால் கேட்டதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

சொல்வதெழுதுதலின்போது கதவைச் சாத்தி, அவன் முகம் பார்க்கும்படி நின்று வாசிக்க முடியுமானால் நல்லது. எல்லாக் குழுவும் ஒரே நேரத்தில் கலந்துரையாடும்போது அவன் குழுவை நடைபாதைக்கு அனுப்பலாம். திடலில் விசிலோடு கையையும் உயர்த்திக் காட்டினால் பார்த்துக்கொள்வான்.

வகுப்பில் மற்ற பிள்ளைகள் முன்னால் இவனுக்குக் காது கேட்காது என்று அறிவிக்க வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். காது வலி, நீர் வடிதல், காய்ச்சல் இருந்தால் கீழே உள்ள எண்ணில் உடனே கூப்பிடவும். நன்றி.

ஏன் அப்படி எழுதினேன்

சத்தம் போட வேண்டாம் என்ற வரியைப் படித்துவிட்டு என் கணவர், "கேட்காத பிள்ளைக்குச் சத்தமாகத்தானே சொல்லணும்?" என்றார். கத்தும்போது உயிரொலிகள்தான் பெரிதாகின்றன, மெய்யொலிகள் அந்த அளவுக்குப் பெரிதாவதில்லை. சொல் இன்னும் குழம்பும். முகமும் கோபமாகத் தெரியும், பிள்ளை பயந்துபோய் உதட்டைப் பார்ப்பதையே விட்டுவிடுவான். அருகில் வருவதுதான் நல்ல வழி.

எல்லா ஆசிரியர்களுக்கும் என்று போட்டதற்குக் காரணம் உண்டு. வகுப்பு டீச்சர் தமிழும் கணிதமும்தான் எடுக்கிறார். மலாய்க்கு ஒருவர், ஆங்கிலத்துக்கு ஒருவர், உடற்கல்விக்கு ஒருவர், ஆசிரியர் விடுப்பில் போனால் மாற்றாக வேறொருவர். கடிதம் ஒருவருடைய மேசைக்குள் இருந்தால் மற்றப் பாடங்களில் இவன் மறுபடி கவனமில்லாத பையன் ஆகிவிடுவான். டீச்சர் ஒரு நகலை வகுப்புப் பதிவேட்டின் உள் அட்டையில் ஒட்டினார், இன்னொன்றை ஆசிரியர் அறையில் கொடுத்தார். மலாய் ஆசிரியருக்காக என் தங்கை மலாயில் எழுதிக் கொடுத்தாள்.

மூன்று மாதம் என்று காலத்தை எழுதியதும் யோசித்துத்தான். நாற்பது பிள்ளைகளோடு இருக்கும் ஆசிரியரிடம் முடிவே இல்லாத சலுகை கேட்டால் சில வாரங்களில் அது மறந்து போகும். எதுவரை என்று தெரிந்தால் செய்வார்கள். அறிவிக்க வேண்டாம் என்ற வரியை மகன்தான் கேட்டான். செவிடு என்ற சொல்லை நம் பிள்ளைகள் எவ்வளவு சுலபமாகப் பட்டப்பெயர் ஆக்குவார்கள் என்று அவனுக்குத் தெரியும். டீச்சர் அந்தக் குழுவில் எல்லாருக்கும் இடம் மாற்றி, அதில் ஒருவனாக இவனையும் அந்த நாற்காலிக்குக் கொண்டுவந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

கடிதத்தால் எல்லாம் சரியாகவில்லை. மாலைக் கூடுதல் வகுப்பில் மழை பிடித்தால் தகரக் கூரைக்கு முன்னால் எந்த நாற்காலியும் உதவாது. அந்த நாட்களில் டீச்சர் பலகையில் எழுதிப் போட்டுவிடுவார், இவன் பார்த்து எழுதுவான். சபைகூடலில் ஒலிபெருக்கி சொன்னதை நண்பனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டான். இன்னொன்று, மதியத்துக்குள் களைத்துப் போவான். மற்றவர்களுக்குத் தானாகக் காதில் விழுவதை இவன் முயற்சி எடுத்துக் கேட்கிறான். அதனால் வீட்டுக்கு வந்ததும் டியூஷனுக்கு விரட்டாமல் தூங்க விட்டோம்.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. சில வாரம் கழித்து டீச்சர் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். எந்தெந்த நாளில் அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று அவருக்குத் தோன்றியதோ அந்த நாளில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தார். புள்ளிகள் கொத்துக் கொத்தாக இருந்தன. என் கையில் இருந்த சளி பிடித்த தேதிகளோடு கிட்டத்தட்ட ஒத்துப்போயின. "லெட்டர்ல மாறும்னு எழுதியிருந்தீங்க. அதனாலதான் பார்த்தேன், இல்லாட்டி கவனிச்சிருக்க மாட்டேன்" என்றார். அதை நகலெடுத்து மறு பரிசோதனைக்கு எடுத்துப் போனோம். ஆடியோலஜிஸ்டிடம் ஒரு நாள் காது எப்படி இருந்தது என்பதுதான் இருந்தது. இது மூன்று மாதக் கணக்கு. அவர் அதை ஃபைலில் வைத்துக்கொண்டார்.

பரிசோதனையில் இடது காது 15க்கு வந்துவிட்டது, கோடு மலை மாதிரி ஏறி இறங்கியது. வலது காதில் இன்னும் நீர் இருக்கிறது, 30. ஒரு காது நன்றாக வந்துவிட்டதால் குழாய் வைக்க அவசரம் இல்லை, இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்றார்கள். இரண்டாவது கடிதத்தை நேற்றுக் கொடுத்துவிட்டு வந்தேன். இந்த முறை அது அரைப் பக்கம்தான்: இடது காது தேறிவிட்டது, சொல்வதெழுதுதலுக்குத் தனி ஏற்பாடு வேண்டாம், வலது பக்கம் இருந்து கூப்பிட்டால் எங்கிருந்து சத்தம் வருகிறது என்று இன்னும் தெரியாது, ஆகவே நாற்காலி மட்டும் அடுத்த பரிசோதனை வரை அங்கேயே இருக்கட்டும்.